பிரிண்டர் இல்லாமல் ரிட்டர்ன் அனுப்புவது: பிரிட்டன் போகும் நம் கரையோரப் பிள்ளைகளுக்கு

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு தாள் பிரிண்ட் வேண்டுமென்றால் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, போய் வாங்கிக்கொள்கிறோம். பிரிட்டனில் அப்படித் தெருவுக்குத் தெரு கடை கிடையாது. நூலகங்களில் காசு கொடுத்து பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கடைக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்னுக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. அங்கே பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், புதிதாகப் போகிற பிள்ளைகள் போனில் என்னிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

முதலில் லேபிளையும் கியூஆர் கோடையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். லேபிள் என்பது முகவரியும் பார்கோடும் உள்ள தாள். பார்சல் மேலே ஒட்ட வேண்டியது. கியூஆர் கோடு ஒட்டுவதற்கானது இல்லை. அதை ஸ்கேன் செய்தால் பார்சல் வாங்கும் கவுண்டரில் இருக்கும் மிஷின் லேபிளை அடித்துத் தரும். பொருள் வாங்கிய கடையின் இணையதளத்தில் ரிட்டர்ன் பக்கத்தைத் திறந்தால், கொண்டுபோய்க் கொடுக்கவும், வீட்டுக்கு வந்து எடுக்கவும் எனச் சில வழிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் பிரிண்டர் வேண்டுமா வேண்டாமா என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் முதல் வழியையே அழுத்தினால் பிடிஎஃப்தான் கையில் வரும். அப்படி வந்துவிட்டால், ரிட்டர்னை ரத்து செய்துவிட்டு வேறு வழியில் மறுபடி போட முடிகிறதா என்று பாருங்கள்.

கியூஆர் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடைக்குள் சிக்னல் இல்லாமல் போனாலும் கைகொடுக்கும். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிட வேண்டாம், அது இல்லையென்றால் ஸ்கேனர் படிக்கத் தடுமாறும். கவுண்டரில் நிற்கும்போது திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். கோடுக்குக் கீழே எண் இருந்தால் அதுவும் படத்தில் தெரியட்டும். ஸ்கேன் ஆகாவிட்டால் சில இடங்களில் அதை டைப் செய்து பார்ப்பார்கள். எந்த கூரியருக்கான கோடு என்பதும் முக்கியம். ராயல் மெயிலுக்கு வந்த கோடை, எவ்ரி என்ற வேறொரு கூரியரின் பார்சல் கடையில் நீட்டினால் எடுக்காது.

வீட்டுக்கு ஆள் வந்து எடுக்கும் வழியில்தான் நம்மவர்களுக்குக் குழப்பம் அதிகம். இங்கே ராமநாதபுரத்தில் ரிட்டர்ன் எடுக்க வரும் தம்பி பொருளைப் பிரித்து, தன் போனில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, டேக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அங்கே வருபவர் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். அவருக்கு வேண்டியது டேப் போட்டு முழுக்க மூடிய பார்சல். பழைய லேபிளும் பழைய பார்கோடும் கிழித்திருக்க வேண்டும். பழையது இருந்தால் மிஷின் அதைப் படித்து பார்சலை உங்களுக்கே திருப்பிவிடலாம். "லேபிளை நாங்களே கொண்டு வருகிறோம்" என்று புக்கிங்கில் இருந்தால் அவரே ஒட்டி ஸ்கேன் செய்வார். அந்த வரி இல்லையென்றால் லேபிள் உங்கள் பொறுப்பு, ஒட்டாத பார்சலை எடுக்காமலே போய்விடுவார். பாஸ்போர்ட், பேங்க் கார்டு எதையும் அவர் பார்க்க வேண்டியதில்லை. ரிட்டர்ன் எண் உள்ள மின்னஞ்சலைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

பெரியபட்டினத்திலிருந்து லெஸ்டர் போன என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரே ஆர்டரில் வாங்கிய குளிர்கோட்டும் காலணியும் அளவு சரியில்லை. "மாமா, ரெண்டையும் ஒரே பையில போட்டுரவா?" என்று கேட்டாள். மின்னஞ்சலைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கியூஆர் வந்திருந்தது. காலணியை விற்றவர் வேறு வியாபாரி. ஒரே பையில் போட்டிருந்தால் காலணி தவறான கிடங்குக்குப் போய், அதற்கான பணம் நின்றிருக்கும். இரண்டு பார்சலாகக் கட்டி, எதில் என்ன இருக்கிறது என்று மூலையில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். கவுண்டரில் குளிர்கோட்டுக்கான கியூஆரைக் காட்டி, லேபிள் வந்ததும் அதைக் குளிர்கோட்டு பார்சலில் ஒட்டுவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கியூஆரைத் திறந்தாள். இரண்டையும் சேர்த்து நீட்டினால் லேபிள் மாறிப்போகலாம். அப்புறம் ஆர்டர் கணவர் கணக்கில் இருந்ததால் கோடு அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் வந்திருந்தது. அவர் வேலைக்குக் கிளம்புமுன் அனுப்பி வைத்தார். வேறு ஒருவர் போனிலிருந்து காட்டினாலும் கோடு வேலை செய்யும்.

கிளம்பும் முன் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் டிராக்கிங் எண் இருக்கும். அந்தத் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும் என்பதால் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். வீட்டிலேயே கொடுத்தால் ஒட்டிய லேபிளைப் படம் பிடியுங்கள். பணம் கணக்கில் ஏறும் வரை இரண்டையும் அழிக்க வேண்டாம். பார்சல் வரவில்லை என்று கடை சொன்னால் நீங்கள் கொடுத்ததற்கு அதுதான் சாட்சி.