வங்கிக்குப் போகும் முந்தின இரவு: இந்தக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல்முறையாகத் தொழில் தொடங்கும் ஒரு பெண். மறுநாள் காலை வங்கி மேலாளரைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து தன் திட்ட அறிக்கையைத் திருத்தி எழுதுகிறாள். சிறுகதைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கரு அடிக்கடி கிடைக்கிறது. கிடைக்கும்போதெல்லாம் நான் முன்பு செய்த அதே தவறுகளையும் அதில் பார்க்கிறேன். நானும் இந்தக் கதையை எழுதினேன், அச்சிலும் வந்தது. இன்று அதை எடுத்துப் படிக்க மனம் வருவதில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எழுத்துப்பிழை, பாத்திரத்தின் பெயர் பாதியில் மாறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை இரண்டாம் வாசிப்பில் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

அவள் எதை மாற்றினாள்?

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்காகத்தான்.

என் கதையில் அவள் "பக்கம் பக்கமாக அடித்தாள், திருத்தினாள், மறுபடி எழுதினாள்" என்று எழுதியிருந்தேன். கதை வெளியான பிறகு, பல வருடம் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையில் இருந்த ஒரு நண்பர் கூப்பிட்டார். கதை நன்றாக இருந்ததா இல்லையா என்று எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் பொண்ணு ராத்திரி பூரா எதை மாத்தினா?"

என்னிடம் பதில் இல்லை. திட்டம் என்ற சொல்லை எழுதினேனே தவிர, அந்தத் திட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுடைய பதற்றம், கண்ணீர், தேநீர்க் கோப்பை எல்லாம் கதையில் இருந்தன. அவளைப் பதற வைத்த எண் மட்டும் இல்லை. அதனால் வாசகருக்கு அவளோடு சேர்ந்து பதற வழியே இல்லாமல் போயிற்று.

இந்தக் கதையில் சண்டை நடக்கும் இடம் அந்தக் கணக்குத் தாள்தான். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

அவள் அட்டைப்பெட்டி செய்து மற்ற நிறுவனங்களுக்கு விற்கப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தில் மாத விற்பனை 10 லட்சம். அதற்கு அட்டை, பசை எல்லாம் சேர்த்து மூலப்பொருள் 6 லட்சம். சம்பளம், வாடகை, மின்சாரம் சேர்த்து 3 லட்சம். மீதி 1 லட்சம் லாபம். இது ஒரு தாள்.

இன்னொரு தாள் பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று காட்டுவது. பெட்டி வாங்குகிறவர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார். அவளோ சம்பளமும் பொருளுக்கான பணமும் அந்தந்த மாதமே கொடுத்தாக வேண்டும். அப்படியென்றால் முதல் இரண்டு மாதம் வரவு எதுவும் இல்லை, செலவு மட்டும் மாதம் 9 லட்சம். இரண்டாம் மாதக் கடைசியில் 18 லட்சம் வெளியே போயிருக்கும். அவளிடம் சேமிப்பு 5 லட்சம், வங்கியிடம் கேட்டிருப்பது 13 லட்சம். கணக்கு சரியாக நிற்கிறது.

இரவு பதினொரு மணிக்கு அவள் கணினியில் லாபத் தாளைப் பார்க்கிறாள். மாதம் 1 லட்சம் லாபம் என்பது அவளுக்குச் சின்னதாகத் தெரிகிறது. இதைப் பார்த்து யார் கடன் கொடுப்பார்கள் என்று நினைக்கிறாள். விற்பனை என்ற கட்டத்தில் 10-ஐ அழித்து 15 என்று போடுகிறாள். மூலப்பொருள் 9 லட்சமாகிறது. சம்பளமும் வாடகையும் அதே 3 லட்சம். லாபம் 3 லட்சம் என்று வருகிறது. ஒரு எண்ணைத் தொட்டதும் லாபம் மூன்று மடங்கு. அந்த நிமிடம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத உங்களுக்கு உவமையே தேவைப்படாது.

அப்புறம் அடுத்த தாளைத் திறக்கிறாள். இப்போது மாதச் செலவு 12 லட்சம், வரவு இன்னும் 60 நாள் தள்ளித்தான். இரண்டாம் மாதக் கடைசிக்குள் 24 லட்சம் வேண்டும். அவளிடம் இருக்கப்போவது 18. அந்தக் கட்டத்தில் 6 லட்சம் குறைகிறது என்று சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. விற்பனை கூடினால் கையில் பணமும் கூடும் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். கடனுக்கு விற்கிற தொழிலில், வளர்கிற மாதங்களில்தான் பணம் பற்றாமல் போகும். லாபத்தில் ஓடும் தொழிலும் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்பது இப்படித்தான். இதை அவள் தனியாக, நள்ளிரவில், ஒரு சிவப்புக் கட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். உங்கள் கதை இங்கேதான் தொடங்குகிறது.

இனி அவள் என்ன செய்வாள்? கூடுதலாக 6 லட்சம் கேட்கலாம். ஆனால் 13 லட்சம் என்று எழுதிய விண்ணப்பம் ஏற்கெனவே வங்கியின் கோப்பில் இருக்கிறது. ஒரே ராத்திரியில் தொகை ஏன் மாறியது என்ற கேள்வி கண்டிப்பாக வரும். 15-ஐ மறுபடி 10 ஆக்கலாம். ஆனால் அந்த 3 லட்சத்தை அவள் பார்த்துவிட்டாள்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. 60 நாள் என்ற கட்டத்தை 45 என்று மாற்றினால் போதும். ஒன்றரை மாதச் செலவு, 12 லட்சம் வீதம், 18 லட்சம். சிவப்பு மறைந்துவிடும். விற்பனை 15, லாபம் 3, கடன் அதே 13. எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தும்.

ஆனால் அந்த 45 பொய். வாங்குகிறவர் கொடுத்த ஆர்டர் கடிதத்தில் 60 நாள் என்று எழுதியிருக்கிறது. அதன் நகலையும் அவள்தான் விண்ணப்பத்தோடு கொடுத்திருக்கிறாள்.

பாருங்கள், ஒரு பெண், ஒரு கட்டம், இரண்டு இலக்கம். இதைவிட நெருக்கடியான காட்சியை என்னால் யோசிக்க முடியவில்லை. "இரவெல்லாம் திருத்தினாள்" என்ற ஒரு வரியால் இத்தனையையும் மூடிவிட்டேனே என்றுதான் என் மேலேயே எனக்குக் கோபம். ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் யாராவது ஒருவர் அதே வரியை எழுதிக்கொண்டு வரும்போது அந்தக் கோபம் திரும்ப வருகிறது.

இதற்கு நீங்கள் கணக்காளர் ஆக வேண்டாம். ஆறு எண்கள் போதும்: விற்பனை, பொருள் செலவு, மாறாத செலவு, பணம் வர ஆகும் நாள், கையில் இருக்கும் சேமிப்பு, கேட்கும் கடன். கதை எழுதும் முன் அவற்றை ஒரு தாளில் போட்டு, ஒன்றை மாற்றினால் மற்றது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இடிக்கும் இடத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கதையில் சொல்லாமலே விடலாம். எண்கள் எல்லாவற்றையும் வாசகர் தலையில் கொட்டச் சொல்லவில்லை. 15, 60, 45, இந்த மூன்றும் கதையில் வந்தாலே போதும்.

கெட்ட மேலாளர்

வங்கி மேலாளரை இளக்காரமாகச் சிரிக்கிறவராக எழுதுவது சுலபம். அப்படி எழுதியதும் அவளுடைய திட்டத்தில் இருக்கும் குறை மறைந்து, தடை முழுக்க அவர் குணத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நிஜத்தில் அந்த நாற்காலியில் இருப்பவர் கேட்பது சாதாரணக் கேள்விகள்தான். "15 லட்சத்துக்குப் பெட்டி செய்ய உங்க மெஷின் போதுமா?" என்று அமைதியாகக் கேட்டால் போதும். விற்பனையை மாற்றியவள் மெஷினை மாற்றவில்லை. மூலப்பொருள் கூடியும் சம்பளம் எப்படி 3 லட்சத்திலேயே நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் மரியாதையாகவே கேட்கலாம், அவளுக்குக் கை நடுங்கும்.

மேசையிலேயே கடன் கிடைப்பது

கிடைக்காது. அவர் குறிப்பு எழுதுவார், கோப்பு மேலே போகும்.

கணினி நின்றுபோவது

வேண்டாம். அது கருவியின் பிரச்சினை, அவளுடையது அல்ல.

இரண்டாவது ஆள் இல்லாமல் எழுதுவது

ஒருத்தி தனியாக அறையில் உட்கார்ந்து யோசிப்பதையே ஆறு பக்கம் எழுதினால் மூச்சு முட்டும். முதல் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த அறிக்கையைத் தாங்களே தயாரிப்பதில்லை. ஒரு கணக்காளர் செய்து கொடுத்திருப்பார், இவர்கள் கடைசிப் பக்கத்து லாபத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். ஆகவே நள்ளிரவில் ஒரு போன் வைக்கலாம். சென்ற முறை ஒரு மாணவி இதே எண்களை வைத்து எழுதிய தன் கதையில் அப்படி வைத்திருந்தார். தூக்கத்திலிருந்து எழுந்த கணக்காளர் பேசுவது இவ்வளவுதான்: "மேடம், வேற எதை வேணா மாத்துங்க. அந்த 60-ஐ மட்டும் தொடாதீங்க." அவள் ஏற்கெனவே தொட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும்.

விடியலில் முடிப்பது

அந்த மாணவியின் முதல் பிரதி சூரியன் எழுவதோடு முடிந்தது. வெளிச்சம் ஜன்னலில் விழுந்தால் அவள் தெளிவடைந்துவிட்டாள் என்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. அவள் முடிவெடுத்தது கட்டத்தில் தெரிய வேண்டும் என்று சொன்னேன்.

திருத்திய பிரதியில் அவள் 45-ஐ அழித்து 60 என்று போடுகிறாள். சிவப்பு 6 திரும்ப வருகிறது. விற்பனை 15 என்பதை அப்படியே விட்டுவிட்டு, அந்தத் தாளை அச்செடுக்கிறாள். 10 என்று இருந்த பழைய தாளையும் எடுக்கிறாள். இரண்டையும் ஒரே கோப்புறையில் வைக்கிறாள், எது மேலே இருக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டு முறை மாற்றி வைக்கிறாள். அங்கே கதை நிற்கிறது.

கடன் கிடைத்ததா என்று எல்லோரும் கேட்பார்களே என்று அந்த மாணவிக்குத் தயக்கம். கூட இருந்த இரண்டு பேரிடம் படித்துக் காட்டச் சொன்னேன். ஒருவர் எந்தத் தாள் மேலே இருந்தது என்று கேட்டார். இன்னொருவர், அந்தப் பெட்டி வாங்குகிறவரிடமே போய் 45 நாளில் பணம் தர முடியுமா என்று அவள் ஏன் கேட்கவில்லை என்றார். மாணவி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.