வட்டி ஸ்வாப்: கணக்கு சரியாக இருக்கும், கையில் மட்டும் துண்டு விழும்

அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. 10 கோடி கடன், ஏறி இறங்கும் வட்டி: மிபார், அதற்கு மேல் 3 சதவீதம். வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரே இரவுக்குக் கைமாற்றாகக் கொடுக்கும் பணத்தின் வட்டிதான் மிபார். கிண்டியில் இன்னொரு கம்பெனிக்கும் 10 கோடி கடன். அது நிலையான 9.2 சதவீதம். வட்டி ஏறிவிடுமோ என்று அம்பத்தூருக்குப் பயம். கிண்டிக்காரர்களோ வட்டி குறையும் என்று நம்புகிறார்கள். இரண்டு பேரும் மூன்று வருஷத்துக்கு ஸ்வாப் போடுகிறார்கள்: அம்பத்தூர் 6 சதவீதம் நிலையாகக் கொடுக்கும், கிண்டி பதிலுக்கு அன்றன்றைய மிபாரைக் கொடுக்கும்.

பலர் முதலில் குழம்புவது இங்கேதான். 10 கோடி எங்கேயும் போவதில்லை. அது வட்டி கணக்குப் போட மட்டும் எழுதி வைக்கும் தொகை. கடனும் கைமாறாது, அவரவர் வங்கிக்கு அவரவர்தான் கட்டவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பார். மிபார் சராசரியாக 6.5 என்றால் அரை சதவீதம், அதாவது வருஷத்துக்கு 5 லட்சம், காலாண்டுக்கு 1.25 லட்சம் அம்பத்தூருக்கு வரும். அதே மிபார் 5.25க்கு இறங்கினால் அம்பத்தூர்தான் காலாண்டுக்கு 1.875 லட்சம் கொடுக்கவேண்டும். எப்படிப் போனாலும் அம்பத்தூரின் மொத்தச் செலவு 9 சதவீதம்தான். கிண்டிக்கு அது மிபாரும் 3.2 சதவீதமும்.

மிபார் இறங்கிய காலாண்டில் கணக்குப் பிரிவில் யாராவது "ஸ்வாப்பில் நஷ்டம்" என்று எழுதுவார்கள். ஸ்வாப்பில் போனது கடன் வட்டியில் மிச்சமாகியிருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பாதியைப் பார்த்துப் பதறி, அடிமட்ட வட்டியில் ஸ்வாப்பை முறித்துக்கொண்டு வெளியே வருவதுதான் நிஜமான நஷ்டம்.

இதெல்லாம் கடனும் ஸ்வாப்பும் ஒரே மிபாரைப் பின்பற்றினால். நடைமுறையில் அம்பத்தூரின் கடன் எம்சிஎல்ஆர் என்கிற அந்த வங்கியின் சொந்த அளவுகோலில் இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறைதான் திருத்துவார்கள் என்று கடன் பத்திரத்தில் இருக்கும். என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான், ஏனென்றால் ஸ்வாப் போடும் அன்றைக்கு இது கண்ணுக்கே தெரியாது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, ஜூனுக்குள் 5.5 ஆக்கியது. ரெப்போ இறங்கினால் மிபார் கூடவே இறங்கும். எம்சிஎல்ஆர் நிதானமாகத்தான் நகரும், வங்கி புதிதாக வாங்கும் டெபாசிட்டுகளின் வட்டியை வைத்துத்தான் அது கணக்கிடப்படும், அந்த டெபாசிட் வட்டி உடனே இறங்காது என்பதால். மிபார் 6லிருந்து ஒரு சதவீதம் இறங்கியபோது 9 ஆக இருந்த கடன் வட்டி 0.3 மட்டும் இறங்கியது என்று வையுங்கள். ஸ்வாப்பில் வருஷத்துக்கு 10 லட்சம் போகும், கடனில் மிச்சம் 3 லட்சம். பாக்கி 7 லட்சம் கைக்காசு. வட்டியைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவருக்கு 9.7 சதவீதம் விழும். கடன் பத்திரத்தையும் ஸ்வாப் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோல் எது, எந்தத் தேதியில் திருத்தம் என்ற இரண்டையும் ஒப்பிட்டால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்புறம் அந்த 3 சதவீதக் கூடுதல் இருக்கிறதே, கம்பெனியின் ரேட்டிங் சரிந்து வங்கி அதை ஏற்றினால் ஸ்வாப் உதவிக்கு வராது.

இன்னொன்று, நிஜத்தில் இந்த இரண்டு கம்பெனிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஸ்வாப் போடுவதில்லை. நடுவில் ஒரு வங்கி இருந்து இரண்டு பேரிடமும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கிண்டி திவாலானாலும் அம்பத்தூருக்கு வரவேண்டியதை அந்த வங்கி தரும். ஆனால் வங்கி எடுத்துக்கொள்ளும் அந்தப் பங்கு விலையில்தான் சேரும், அதனால் ஒரே வங்கியின் விலையோடு நிற்காமல் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

கடைசியாக, கடனை முன்கூட்டி அடைப்பது. கையில் பணம் வந்தது, ஒரு வருஷத்திலேயே அம்பத்தூர் கடனை முடித்துவிட்டது என்றால் ஸ்வாப் தானாக முடியாது, அது தனி ஒப்பந்தம். அன்றைக்கு இரண்டு வருஷ ஸ்வாப்பின் நிலையான வட்டி சந்தையில் 5.25 ஆக இருந்தால், நம்முடைய 6 சதவீதத்துக்கும் அதற்கும் உள்ள 0.75, வருஷத்துக்கு 7.5 லட்சம், இரண்டு வருஷத்துக்கு இன்றைய மதிப்பில் 15 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டித்தான் வெளியே வரமுடியும். சந்தை 6க்கு மேலே இருந்தால் அதே கணக்கில் நமக்குப் பணம் வரும். தவணை தவணையாக அசலைக் கட்டும் கடனிலும் இதே சிக்கல் சின்னதாக நடக்கும்: கடன் 7 கோடிக்கு வந்திருக்கும், ஸ்வாப் இன்னும் 10 கோடிக்கே ஓடிக்கொண்டிருக்கும். கடன் பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும்படி அட்டவணையை ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லலாம், கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் வங்கிகள் செய்து தருவார்கள்.