"ஆர், கனடாத் தம்பியோ?" – புது நம்பரில் வரும் உறவுகளிடம் நாம் விடும் தவறுகள்

கொக்குவிலில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட் போட வருகிறவர்கள் போனை நீட்டி, "இதை ஒருக்காப் பார் தம்பி" என்று கேட்பது வழக்கம். போன ஆடி மாதம் அப்படிப் போனை நீட்டியது என் சொந்த மாமி. அன்று மதியம் 185,000 ரூபாவை, கனடாவிலிருக்கும் மருமகனுக்கு அவசரம் என்று நம்பி, முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு அனுப்பியிருந்தா. இன்னும் 140,000 வேண்டுமாம். வங்கிக்குத் திரும்பிப் போகமுன் கோல் எடுக்க ரீலோட் போட வந்தவ. அதனால்தான் அந்த இரண்டாவது தொகை தப்பியது.

மாமி இளைப்பாறிய ஆசிரியை. வாழ்நாள் முழுக்கக் கணக்கு வழக்குப் பார்த்தவ. ஏமாறினது படிப்பில்லாததால் இல்லை. அந்த உரையாடலைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்த்தோம். தவறு எங்கே நடந்தது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது.

காலை 11.10க்கு வட்ஸ்அப்பில் முதல் செய்தி: "வணக்கம், எப்படி இருக்கீங்க? என்னைத் தெரியுதா? இது என் புது நம்பர்." அதில் பெயர் இல்லை, உறவுமுறை இல்லை, நாடு இல்லை. மாமியின் பதில்: "ஆர், கனடாத் தம்பியோ?" அடுத்த வரி: "ஆமா ஆன்ட்டி, நான்தான். பழைய போன் தண்ணில விழுந்துடுச்சு." அதற்கு மாமி, "மாமி தான் கதைக்கிறன். பிள்ளையள் சுகமோ? வீடு வாங்கிற அலுவல் என்ன மாதிரி?" என்று எழுதியிருக்கிறா. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து "மாமி" என்ற சொல் வருகிறது. பிள்ளைகள் வருகிறார்கள். வீடு வருகிறது. வீட்டு அலுவலாகக் கொழும்பில் ஒருவருக்கு இன்று 2 மணிக்குள் காசு கட்ட வேண்டும் என்ற கதையும் வருகிறது.

கனடா, மாமி, பிள்ளைகள், வீடு – நான்கையும் முதலில் எழுதியது மாமிதான். அவன் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். இந்த மோசடியின் அடித்தளமே இது. பெயர் சொல்லாமல் நூறு பேருக்கு அதே வரியை அனுப்புவார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஒரு தம்பியோ தங்கச்சியோ இல்லாத வீடு எது? பெயரை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். ஆகவே சந்தேகம் வந்தால் உரையாடலை மேலே தள்ளி, ஒவ்வொரு தகவலையும் முதலில் எழுதியது ஆர் என்று மட்டும் பாருங்கள். எல்லாம் உங்கள் பக்கத்தில் இருந்தால், மறுபக்கத்தில் இருப்பவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. முதல் செய்திக்குக் கொடுக்க வேண்டிய பதில் ஒன்றுதான்: "ஆர் நீங்கள்? முழுப்பெயர் சொல்லுங்கோ."

அவன் பாஷையும் காட்டிக்கொடுத்திருக்கிறது. "இருக்கீங்க", "விழுந்துடுச்சு" என்று எங்கட பிள்ளை எழுதாது. "இருக்கிறியளோ", "விழுந்திட்டுது" என்றுதான் வரும். "ஆன்ட்டி" என்று அவன் மாமியை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மாமியும் அதைக் கவனித்திருக்கிறா. "அங்க இந்தியாக்காரரோட வேலை செய்யிறான், பழகியிருப்பான்" என்று தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தா. இப்படி நாமே அவர்களுக்காக விளக்கம் தேடத் தொடங்கும் இடத்தில்தான் கை நிற்க வேண்டும். ஆனால் பாஷையை மட்டும் நம்பவும் கூடாது. எங்கட ஊர்த் தமிழிலேயே எழுதக்கூடிய ஆளும் இதைச் செய்யலாம். பாஷை பிசகினால் அது எச்சரிக்கை. பிசகாவிட்டால் அதனால் எதுவும் உறுதியாகாது.

அடுத்தது, நம்பரை உடனே சேமித்தது. தெரியாத நம்பரிலிருந்து வரும்போது, இவர் உங்கள் தொடர்புகளில் இல்லை என்று வட்ஸ்அப் ஒரு குறிப்புக் காட்டும். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு முன்னால் ~ என்ற குறி இருக்கும். மாமி நம்பரைத் "தம்பி கனடா புது" என்று சேமித்தவுடன் அந்தக் குறிப்பும் குறியும் போய்விட்டன. அதன்பிறகு வந்த ஒவ்வொரு செய்தியும் மருமகனின் பெயரிலேயே வந்தது; அந்தப் பெயரை வைத்தது தான்தான் என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிட்டது. அந்த நம்பரின் புரொபைல் படம் மருமகனுடையதுதானே என்று கேட்பீர்கள். உரையாடலின் நடுவில்தான் அந்தப் படம் வந்ததாம். பேஸ்புக்கில் இருக்கும் படத்தை எடுத்துப் போட ஒரு நிமிடம் போதும்.

நம்பர் +44 என்று தொடங்கியது. அது பிரித்தானியா. கனடா என்றால் +1. மாமிக்கு '+' இருந்தால் வெளிநாடு, அவ்வளவுதான். அதற்காக +1 என்று வந்திருந்தால் சரி என்று அர்த்தமில்லை; பல நாட்டு நம்பர்களை இணையத்தில் எடுக்கலாம்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. மாமி சும்மா அனுப்பவில்லை. உறுதிப்படுத்தப் பார்த்தா. மருமகனின் பழைய நம்பருக்கு 11.40க்கு கோல் எடுத்தா. மணி அடித்தது, எடுக்கவில்லை. "ஓம், பழைய போன் பழுதுதான்" என்று அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டா. ஆனால் கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். அங்கே அப்போது அதிகாலை 2.10. பிள்ளை நித்திரை. தண்ணீருக்குள் விழுந்த போன் மணி அடிக்கிறதே என்ற கேள்விகூட அந்த அவசரத்தில் வரவில்லை. பழைய நம்பர் பதில் சொல்லாதது எதையும் உறுதிப்படுத்தாது. அது திரும்பிப் பேசும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது அவனுடைய மனைவிக்கோ, இங்கிருக்கும் தாய்க்கோ எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். லண்டன் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை. காலை 11 மணிக்கு ரொறன்ரோவில் இருந்து ஒருவர் உற்சாகமாக உரையாடுகிறார் என்றால், அங்கே இப்போது என்ன நேரம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

தாய்க்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "அம்மாட்டச் சொல்லாதேங்கோ, பயப்பிடுவா எண்டு எழுதினவன்" என்றா. உறுதிப்படுத்தக்கூடிய ஆளை விலக்கச் சொல்கிற அந்த வரி வந்தவுடனேயே, விலக்கச் சொன்ன ஆளுக்கே கோல் எடுங்கள். அந்தப் புது நம்பருக்கே கோல் எடுத்தபோது, "மைக் வேலை செய்யல, மெசேஜ் பண்ணுங்க" என்று வெட்டிவிட்டானாம். குரல் கேட்காமல் காசு இல்லை என்று அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம்.

சிலர் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். நல்லது, ஆனால் பெரும்பாலும் பிழையான கேள்வி. "உன்ர அம்மாவின்ர பெயர் என்ன? அம்மம்மா எந்த ஊர்?" எங்கள் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் கனடா, லண்டன், சுவிஸ், கீழே தொடர்புக்கு நம்பர்கள். ஒரு குடும்ப மரமே இணையத்தில் எவரும் பார்க்கக் கிடக்கிறது. துக்கத்தில் பகிர்வதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் இருப்பதைச் சரியாகச் சொன்னால் உறவு என்று ஏற்கக் கூடாது.

கேட்பதானால் பொய்யான ஒன்றை உண்மைபோலக் கேளுங்கள். மருமகன் கடைசியாக வந்தபோது நின்றது மாமி வீட்டில். "போனமுறை பெரியப்பா வீட்டிலயெல்லே நிண்டனீ, அங்க விட்ட சேர்ட் இஞ்ச கிடக்கு" என்று எழுதினால், உண்மையான பிள்ளை "என்ன மாமி, உங்கட வீட்டிலதானே நிண்டனான்" என்று திருத்தும். மற்றவன் ஓம் என்பான். அன்று மாலை, இரண்டாவது தொகைக்காக அவன் நெருக்கிக்கொண்டிருந்தபோது, இதையே எழுதச் சொன்னேன். "ஆமா மாமி, அந்த சட்டை பத்திரமா வைங்க" என்று வந்தது. மாமி போனை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கடைசிப் படலை வங்கிக் கணக்கு. அவன் கொடுத்த கணக்கு மருமகனின் பெயரில் இல்லை, சொந்தக்காரர் எவருடைய பெயரிலும் இல்லை. "நண்பனின் கணக்கு" என்றான். இப்படி வரும் கணக்கு பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடையது. வாடகைக்குக் கொடுத்ததாகவோ ஏமாற்றிப் பெற்றதாகவோ இருக்கும். காசு வந்ததும் அங்கிருந்து எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளை இங்கே யாருக்கோ காசு கட்ட வேண்டும் என்றால், தானே அனுப்ப எத்தனையோ வழி இருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த காசு இன்றைக்கு மட்டும் இங்கிருந்து ஏன் போக வேண்டும் என்று கேளுங்கள்.

அனுப்பிவிட்டீர்கள் என்றால், முதல் ஒரு மணித்தியாலம் முக்கியம். உடனடிப் பரிமாற்றத்தில் காசு சில விநாடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பியவர் தானாகத் திருப்பி எடுக்க முடியாது. உங்கள் வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, பெறும் வங்கிக்கு அறிவித்து மிச்சத் தொகையை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் எடுக்காத காசு இருந்தால் மட்டுமே அது பயன்படும். பிறகு பொலிசில் முறைப்பாடு. இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியின் 101 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். மாமி வெட்கத்தில் உரையாடலை அழிக்கப் போனா, பிடித்து நிறுத்தினேன். நம்பர் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட், வங்கிச் சிட்டை, கணக்கு இலக்கம் எல்லாம் முறைப்பாட்டுக்கு வேண்டும். அவற்றை எடுத்த பிறகுதான் தடை செய்ய வேண்டும்.

இன்னொன்று. சில வேளை புது நம்பர் காசு கேட்காது. "தவறி உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அதை அனுப்புங்கோ" என்று கேட்கும். அந்த ஆறு இலக்கம் உங்கள் வட்ஸ்அப்பின் திறப்பு. கொடுத்தால், அடுத்து உங்கள் சொந்தங்களிடம் உங்கள் பெயரிலேயே, உங்கள் நம்பரிலிருந்தே காசு கேட்பார்கள். அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் இலக்கம் வையுங்கள்.

மருமகன் மாலை 5 மணிக்கு, அங்கே காலை ஏழரைக்கு, பழைய நம்பரிலிருந்தே எடுத்தான். "மாமி, ஏன் இரவில எடுத்தனீங்கள்? ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?" என்றுதான் முதலில் கேட்டான். காசு திரும்பி வரவில்லை. முறைப்பாட்டுப் பிரதி மாமியின் அலுமாரியில் இருக்கிறது. அந்த நம்பரும் போனில் இன்னும் இருக்கிறது. "தம்பி கனடா புது" என்றிருந்த பெயரை "ஆரெண்டு தெரியாது" என்று மாற்றி வைத்திருக்கிறா.