முதல் ரெண்டு வரிய மாத்துனேன், கடைக்காரங்க பேச ஆரம்பிச்சாங்க

கீழமாசி வீதி மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மெஷின் விக்கிறேன், போன்லதான் முதல் பேச்சு. முன்னாடி எங்க ஆபீஸ்ல குடுத்த பேப்பர்ல "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா, எங்க கம்பெனி பத்தி"ன்னு ஆரம்பிக்கும், கம்பெனி பேர் முடியுறதுக்குள்ள "வேணாம்ப்பா"ன்னு போன வச்சிருவாங்க. யாரு, எதுக்கு, எவ்ளோ நேரம், இந்த மூணும் தெரியாம கல்லால நிக்கிற மனுசன் எதுக்கு காது குடுக்கணும்?

இப்ப இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: "அண்ணே வணக்கம், முருகன் பேசுறேன், பில்லிங் மெஷின் விக்கிறவன். ஒரு நிமிசம் பேசலாமா, இல்ல கடையில கூட்டமா?"

விக்கிறவன்னு முதல்லயே சொல்லிரணும், மறைச்சா அப்புறம் எரிச்சல்தான் வரும். கூட்டம்னா "எத்தன மணிக்கு கூப்பிடட்டும்ணே"ன்னு மட்டும் கேட்டுட்டு போன வச்சிருவேன், அவரு சொன்ன நேரத்துக்கு கரெக்டா கூப்பிடுவேன்.

"சொல்லுப்பா"ன்னா ஒரே கேள்வி: "ராத்திரி கணக்கு முடிக்கிறப்ப கடன் நோட்டயும் கல்லா காசையும் எப்படிணே ஒத்துப் பாக்குறீங்க?" மெஷின் வேணுமான்னு கேட்டா வேணாம்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிரும், இதுக்கு அவரு தன் கடையப் பத்திதான் சொல்லியாகணும். கேட்டுட்டு வாய மூடிரணும், அதுதான் கஷ்டம், அவரு யோசிக்கிற அந்த ரெண்டு மூணு செகண்ட்ல நாம விலைய ஆரம்பிச்சா போச்சு.

ஒருத்தரு "பையன்தான் பாக்குறான், தெனம் பதினோரு மணி ஆவுது"ன்னாரு, அதுலருந்துதான் பேச்சே வந்துச்சு. வெறும் "ம்ம்"தான் வருதுன்னா கவனம் வேற எங்கயோ இருக்கு, நன்றி சொல்லி வச்சிருவேன். ஏற்கனவே மெஷின் வச்சிருக்க கடைக்கு இந்தக் கேள்வி எடுபடாது, அங்க ரிப்பேர் பத்திதான் கேக்கணும்.