சாட் பதிவிலிருந்து உதவிக் கட்டுரை: கடைசிப் படி தீர்வு ஆகாது

மொரீஷியஸின் எபேனில் எங்கள் சப்போர்ட் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுதும் உதவிக் கட்டுரைகளை நான்தான் பார்த்துத் தருகிறேன். எழுத்துப்பிழையெல்லாம் யாரும் திருத்திவிடலாம். நான் செய்த அதே தவறை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

"நன்றி" வந்த இடத்தைத் தீர்வு என்று நினைப்பது

ஒரு வாடிக்கையாளர் Thunderbird-இல் மெயில் வருகிறது, போகவில்லை என்றார். ஏஜென்ட் கணினியை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார், போர்ட் எண்ணை மாற்றச் சொன்னார், கடைசியில் கணக்கையே நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். மெயில் போய்விட்டது, நன்றியும் வந்தது. நான் அதைப் பார்த்து, காரணம் "கணக்கு பழுது", தீர்வு "கணக்கை நீக்கிச் சேர்க்கவும்" என்று எழுதினேன்.

அதைப் படித்துச் செய்த இன்னொருவருடையது POP3 கணக்கு. பழைய மெயில்கள் சர்வரில் இல்லை, அவர் கணினியில் மட்டுமே இருந்தன. நீக்கும்போது வந்த பெட்டியில் Remove message data என்பதையும் டிக் செய்துவிட்டார். பல வருட மெயில்கள் போயின.

பதிவை மறுபடி மேலிருந்து படித்தேன். மூன்றாவது வரியிலேயே "நேற்று பாஸ்வேர்டு மாற்றினேன்" என்று இருந்தது. Thunderbird, வரும் மெயிலுக்கும் போகும் மெயிலுக்கும் பாஸ்வேர்டைத் தனித்தனியாகச் சேமிக்கிறது. அவர் ஒன்றில் மட்டும் புதியதைக் கொடுத்திருக்கிறார். கணக்கைத் திரும்பச் சேர்த்தபோது அது பாஸ்வேர்டைப் புதிதாகக் கேட்டது, அதனால்தான் சரியானது.

இதை ஒரு சோதனைக் கணக்கில் வரவழைத்துப் பார்க்கலாம். பாஸ்வேர்டை மாற்றி, போகும் பக்கம் பழையதையே விட்டால், மெயில் அனுப்பும்போது 535 பிழை வரும். பிறகு ஒரே ஒரு படியை மட்டும் செய்யுங்கள்: Settings, Privacy & Security, Saved Passwords; அதில் smtp:// என்று தொடங்கும் வரியை நீக்கி, Thunderbird-ஐ மூடித் திறந்து, மெயில் அனுப்பிப் புதிய பாஸ்வேர்டைக் கொடுங்கள். அது மட்டுமே போதும் என்றால் கட்டுரையில் அது மட்டும் இருக்கட்டும். ரீஸ்டார்ட்டும் போர்ட்டும் வேண்டாம்.

பிழையை வரவழைக்க முடியவில்லையா? காரணம் என்ற பகுதியில் "உறுதியாகவில்லை" என்று எழுதுங்கள். ஊகத்தைக் காரணமாக எழுதாதீர்கள்.

எச்சரிக்கையைக் கடைசியில் வைப்பது

படிக்கிறவர் ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே வருகிறார். ஆபத்தான படிக்கு மேலேயே எழுதுங்கள்: "POP3 கணக்கா? முதலில் profile ஃபோல்டரை நகல் எடுங்கள்."

நம் சொல்லில் தலைப்பு வைப்பது

அவர்கள் தேடுவது "SMTP அங்கீகாரத் தோல்வி" அல்ல. கிரெயோலில் "மெயில் பா லே அலே" என்றுதான் எழுதினார்கள். மெயில் போக மாட்டேன் என்கிறது. பிரச்சினை என்ற பகுதி அந்தச் சொல்லில் தொடங்கட்டும், 535 அதற்குப் பின்னால் வரட்டும்.

வாடிக்கையாளர் பெயர், முகவரி, பாஸ்வேர்டு

எழுத உட்காரும் முன்பே பதிவிலிருந்து அழித்துவிடுங்கள்.