தேர்வு நாள் காலைக்கு ஒன்றரை நிமிட ஜெப வீடியோ: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

மார்ச் வந்தால் சபையின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர், "பிள்ளைகளுக்காக ஒரு ஜெப வீடியோ போடுங்களேன்" என்று கேட்பார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரோ வாலிபர் குழுத் தலைவரோ போனைக் கையில் எடுப்பார். ஆறு நிமிடம் பேசி அனுப்புவார். முதல் இருபது நொடிக்குப் பிறகு ஒரு பிள்ளையும் பார்க்காது. பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, போன் ஒன்றை மட்டும் வைத்து, கடைசிவரை கேட்கக்கூடிய வீடியோ எடுப்பது எப்படி என்று பார்ப்போம். உதாரணத்துக்கு பிளஸ் டூ கணிதத் தேர்வு நாளை எடுத்துக்கொள்கிறேன்.

1. எந்த நேரத்துக்கான ஜெபம் என்று முடிவு செய்யுங்கள்

எழுத உட்காரும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். "தேர்வு எழுதும் அனைத்து மாணவர்களுக்கும்" என்று பொதுவாக ஆரம்பித்தால் பேச்சும் பொதுவாகவே போய்விடும். முந்தின இரவு கேட்கும் பிள்ளைக்குப் படித்து முடியவில்லையே என்ற கவலை. காலை 7 மணிக்குக் கேட்கும் பிள்ளைக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது போன்ற பயம். இரண்டுக்கும் ஒரே ஜெபம் பொருந்தாது.

நாம் காலை வீடியோவை எடுப்போம். தமிழ்நாட்டில் தேர்வு 10 மணிக்குத் தொடங்கும். முதல் பத்து நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்கு எழுத ஆரம்பித்தால் 1.15 வரை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பல பிள்ளைகளுக்கு உள்ளங்கை வியர்க்கும். நம் ஜெபத்தின் நடுப்பகுதியை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால், கேட்கிற பிள்ளைக்கு அது தனக்காகவே செய்த ஜெபமாகத் தெரியும்.

இன்னொன்று. தேர்வு மாதத்தில் முக்கால்வாசி வீடுகளில் பிள்ளையின் போன் அம்மாவின் கையில்தான் இருக்கும். வீடியோவை அம்மா முதலில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையிடம் காட்டுவார். அதனால் பெற்றோருக்கும் ஒரு வரி வேண்டும்.

2. ஒரே ஒரு வசனம்

தேர்வு ஜெபம் என்றாலே பலருக்கு வாயில் வருவது உபாகமம் 28:13. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." நான் இதை எடுப்பதில்லை. கற்பனைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடு இஸ்ரவேல் ஜனம் முழுவதற்கும் சொல்லப்பட்ட வாக்கு அது. வகுப்பில் முதல் ரேங்க் பற்றியதல்ல. அதோடு, நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் எல்லாரும் தலையாக முடியாது. ரிசல்ட் வந்த பிறகு மீதிப் பிள்ளைகள் அந்த வசனத்தை என்ன நினைப்பார்கள்?

காலை நேரத்துக்கு ஏசாயா 41:10-இன் முற்பாதி போதும்: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன்." கூட இருப்பேன் என்கிற வாக்கு எந்த மார்க்கிலும் பொய்யாகாது. முந்தின இரவு வீடியோ என்றால், ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று சொல்லும் யாக்கோபு 1:5 நன்றாகப் பொருந்தும். எதுவானாலும் ஒன்று மட்டும். மூன்று வசனம் சேர்த்தால் பிரசங்கமாகிவிடும்.

3. எழுதுங்கள், சொற்களை எண்ணுங்கள்

"ஆவியானவர் நடத்துவார், எழுத வேண்டாம்" என்பவர்கள் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு அது சரி. ஒன்றரை நிமிட வீடியோவில் எழுதாமல் பேசினால் "ஆண்டவரே" என்ற சொல் மட்டும் பதினைந்து தடவை வரும். நிதானமாக ஜெபிக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 தமிழ்ச் சொற்கள்தான் வரும். ஆகவே ஒன்றரை நிமிடத்துக்கு 120 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதிரி:

*(கேமராவைப் பார்த்து)* "தம்பி, தங்கச்சி, எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னைக்குக் கணக்குப் பரீட்சை. ராத்திரி சரியாத் தூக்கம் வரலைன்னா பரவாயில்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான். புத்தகத்தை ஒரு நிமிஷம் மூடி வைங்க. சேர்ந்து ஜெபிக்கலாம்.

ஏசாயா புத்தகத்தில் ஆண்டவர் சொல்கிறார்: நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன்.

*(கண்களை மூடி)* அன்பின் ஆண்டவரே, இந்தக் காலைக்காக ஸ்தோத்திரம். இன்று தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம். வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடத்தால், நீர் அருகில் இருப்பதை உணரச் செய்யும். அந்தப் பத்து நிமிடமும் அவசரமில்லாமல் வாசிக்கட்டும். தெரிந்ததை முதலில் எழுதட்டும். தெரியாத கேள்வி வந்தால் கலங்காமல் அடுத்ததற்குப் போகட்டும். படித்தது நினைவுக்கு வர உதவி செய்யும். சரியாகப் படிக்க முடியாமல் போன பிள்ளைகளையும் நினைத்தருளும். அவர்களும் உம்முடைய பிள்ளைகள்தான். வீட்டில் காத்திருக்கும் அம்மா அப்பாவுக்குச் சமாதானம் தாரும். எந்த மார்க் வந்தாலும் இந்தப் பிள்ளைகள்மேல் உமக்கிருக்கும் அன்பு குறையாததற்காக ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்."

இதில் "சென்டம் எடுப்பாய்", "கேள்விகள் எல்லாம் ஈசியாக வரும்" என்று எங்கும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். கேமரா முன்னால் கொஞ்சம் உற்சாகம் ஏறினால் அப்படி வாக்குக் கொடுக்க வாய் துடிக்கும். மதியம் 1.15-க்கு அழுதுகொண்டே வெளியே வரும் பிள்ளைக்கு, கணக்கோடு சேர்த்து ஆண்டவரும் கைவிட்டார் என்றாகிவிடும்.

படிக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கான வரியையும் எடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, வீட்டில் சண்டை, கூடவே வேலைக்குப் போகும் பையன் என்று குழுவில் யாராவது இருப்பார்கள். பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டாம். வீடியோ எங்கெல்லாம் ஃபார்வேர்டு ஆகும் என்று தெரியாது.

முதல் பகுதி பேச்சுத் தமிழிலும் ஜெபம் "நீர், உம்முடைய" என்று ஜெபத் தமிழிலும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டையும் கலக்கக்கூடாது. "ஆண்டவரே நீங்க உம்முடைய கிருபையால" என்று ஓடினால் கேட்பவர்களின் கவனம் அங்கேயே சிதறும்.

4. இடம், வெளிச்சம், சத்தம்

ஜன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். போனைச் செங்குத்தாக, உங்கள் கண் உயரத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். நான்கு தடித்த புத்தகங்களும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தால் ஸ்டாண்ட் தயார். பின்னால் வெற்றுச் சுவர் போதும்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். முகம் லேசாக மங்கினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், குரல் தெளிவாக இல்லையென்றால் உடனே தள்ளிவிடுவார்கள். நம் வீட்டு எதிரி ஃபேன். காதுக்குப் பழகிப்போனதால் நமக்கு அது கேட்காது. பதிவில் தொடர்ந்து இரையும். ஃபேன், ஏசி, மோட்டார் மூன்றையும் நிறுத்துங்கள். மெத்தையும் துணி அலமாரியும் இருக்கும் படுக்கையறையில் எதிரொலி குறைவு. ஹாலின் டைல்ஸ் தரையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

ஆரம்பிக்குமுன் பத்து நொடி பேசிப் பதிவு செய்து, இயர்போன் மாட்டிக் கேளுங்கள். "ப" வரும் இடங்களில் காற்று இடித்தால் போனைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இரைச்சல் கேட்டால் எதையோ நிறுத்த மறந்திருக்கிறீர்கள்.

5. பதிவு

பேசும் பகுதியில் திரையில் தெரியும் உங்கள் முகத்தைப் பார்க்காமல், கேமராவின் சின்ன வட்டத்தைப் பாருங்கள். பார்வை கொஞ்சம் கீழே இறங்கினாலும் வேறு யாரிடமோ பேசுவது போல இருக்கும்.

ஜெபத்தின்போது கண்ணை மூடுவதால் பார்த்து வாசிக்க வழியில்லை. மனப்பாடமும் செய்ய வேண்டாம், ஒப்பிக்கும் குரல் வந்துவிடும். வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வினாத்தாள், தெரிந்தது, தெரியாதது, நினைவு, படிக்காதவர்கள், பெற்றோர், அன்பு. இந்த ஏழும் தேர்வு நாளின் ஓட்டத்திலேயே இருப்பதால் இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் மனதில் நின்றுவிடும். ஒரு சொல் மாறினால் நிறுத்தாதீர்கள். வரிக்கு வரி ஒரு மூச்சு விடுங்கள்; கேட்கும் பிள்ளை உள்ளுக்குள் "ஆமென்" சொல்ல அந்த இடம் தேவை.

குரலை உயர்த்த வேண்டாம். கன்வென்ஷன் மேடைக் குரல் ஒரு சின்ன போன் ஸ்பீக்கரில் கரகரக்கும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளையை இன்னும் பதற்றமாக்கும்.

6. வெட்டுவதும் சேர்ப்பதும்

இன்ஷாட், யூடியூப் கிரியேட் போன்ற ஏதாவது ஒரு ஆப் போதும். பதிவு பட்டனை அமுக்கக் கை நீளும் முதல் நொடியையும் கடைசி நொடியையும் வெட்டுங்கள். வசனம் சொல்லும்போது அதைத் திரையின் கீழ்ப்பகுதியில் பெரிய எழுத்தில் போடுங்கள், அடியில் "ஏசாயா 41:10". ஜெப வரிகளுக்கு எழுத்து வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டியவை அவை.

பின்னணி இசை இல்லாமலே இருக்கலாம். வேண்டுமென்றால் சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் சொல்லி இரண்டு நிமிடம் மெதுவாக வாசித்துப் பதிவு செய்து வாங்குங்கள். பிரபலமான பாமாலைப் பதிவையோ ஆல்பம் பாட்டையோ எடுத்துப் போட்டால், யூடியூபில் ஏற்றும்போது காப்புரிமை அறிவிப்பு வந்து நிற்கும். இசையின் அளவைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஒரு சொல்லாவது இசையில் மூழ்கினால் இன்னும் குறையுங்கள்.

7. அனுப்பும் நேரம்

இரவே முடித்து வைத்துக்கொண்டு, தேர்வு நாளன்று காலை 6.30-க்கும் 7-க்கும் இடையில் அனுப்புங்கள். 9 மணிக்கு அனுப்பினால் பிள்ளை பஸ்ஸில் இருக்கும். தேர்வு மையத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது, மாலையில்தான் பார்க்கும். அனுப்பும்போது எச்டி தரத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் வசன எழுத்து மங்கிவிடும். பள்ளிக் குழுவில் மற்ற மதப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், இந்த வீடியோவைச் சபைக் குழுவில் மட்டும் போடுங்கள். கூடவே ஒரு வரி: "அம்மாமாரே, காபி குடிக்கும்போது பிள்ளைக்குக் காட்டுங்க, ஒன்றரை நிமிஷம்தான்." நீளத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தயங்காமல் பார்ப்பார்கள்.

இயற்பியல் தேர்வுக்கும் இதே கோப்பை மறுபடி அனுப்பாதீர்கள். முதல் நான்கு வரிகளை மட்டும் புதிதாகப் பேசி ஒட்டினாலே போதும். கணக்குப் பரீட்சை கஷ்டமாக இருந்தது என்று கேள்விப்பட்டால், அதையே முதல் வரியாக வையுங்கள்: "கணக்குப் பரீட்சை கொஞ்சம் படுத்திருச்சுன்னு கேள்விப்பட்டேன். அது முடிஞ்சது."