டெலிவரி வேனில் போன் எண்: நேரே நின்று பார்த்து அளவு முடிவு செய்யாதீர்கள்

வேன் பக்கவாட்டு டிசைனைக் கணினித் திரையில் நேருக்கு நேர் பார்த்து ஓகே சொல்லிவிடுகிறோம். சாலையில் அந்தப் பலகையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. முக்கால்வாசிப் பேர் கண்ணில் அது சாய்வாகத்தான் படுகிறது. போன் எண் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சாய்வு என்ன செய்யும் என்று பார்ப்போம். பலகைக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையிலான கோணம் 30 டிகிரி என்றால் எழுத்தின் அகலம் பாதியாகத் தெரியும். உயரம் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கும் கீழே போனால் இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த 30 டிகிரியை எல்லையாக வைத்துக்கொண்டு, 40 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு வேனைக் கணக்கிடலாம். சாலையோரம் 6 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வேன் வருவதற்கு முன் சுமார் 10 மீட்டரும் கடந்த பின் 10 மீட்டரும் எண் தெளிவாகத் தெரியும். நேரத்தில் சொன்னால் இரண்டு வினாடிக்கும் கொஞ்சம் குறைவு. எதிரே அதே வேகத்தில் 3 மீட்டர் பக்கத்தில் வரும் பைக்காரருக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவுதான். அவருக்காகப் பக்கவாட்டில் எதை எழுதினாலும் வீண். பக்கப் பலகையைப் படிப்பவர்கள் சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள், பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள், மெதுவாக முந்திச் செல்பவர்கள், வேன் சரக்கு இறக்கும் தெருவில் இருப்பவர்கள். அவர்களை நினைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும்.

ஓடும் வேனில் இரண்டு வினாடிக்குள் கடைப் பெயரும் தொழிலும் மனதில் பதியலாம். பத்து இலக்கமும் பதியாது. அதனால் எண்ணைப் பக்கவாட்டில் ஒரு முறையும் பின்கதவில் ஒரு முறையும் எழுதுங்கள். பின்னால் வருபவருக்குக் கோணப் பிரச்சினை இல்லை, நேரமும் அதிகம்.

இப்போது அளவு. குட்டி யானையின் மூடிய கன்டெய்னர் பாடி ஒன்றில் பக்கம் 7 அடி நீளம், அதாவது 84 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஓரத்திலும் 4 அங்குலம் விட்டால் மிச்சம் 76 அங்குலம். நன்றாகப் படிக்கக்கூடிய ஓர் இலக்கத்தின் அகலம் அதன் உயரத்தில் 65 சதவீதம், இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி 20 சதவீதம். ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுத நடுவில் கூடுதலாக 60 சதவீதம். எல்லாம் சேர்த்தால் மொத்த நீளம் உயரத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு வரும். ஆக 76 அங்குலத்தில் 8 அங்குல உயர இலக்கம் தாராளமாக அடங்கும். ஒரு அங்குல உயரத்துக்கு 10 அடி தூரம் என்பது வசதியாகப் படிப்பதற்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு. அதன்படி 8 அங்குலம் 80 அடிக்கு, சுமார் 24 மீட்டருக்குப் போதும். பல வேன்களில் பார்க்கும் 3 அங்குல எண் 30 அடிக்கு மேல் சிரமம்தான். இடம் இருந்தும் எண் சின்னதாகிப் போவதற்குக் காரணம், பொருட்களின் படம், இணையதளம், மின்னஞ்சல், இரண்டாவது மூன்றாவது எண் என்று எல்லாம் அந்த ஒரே பலகையில் ஏறிவிடுவது. ஒரே ஒரு எண் போதும். மற்றதைப் பில்லில் போடுங்கள்.

உயரத்தைக் கூட்டினால் மட்டும் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது அடுத்த தவறு. அதே 76 அங்குலத்தில் 12 அங்குல உயரம் வேண்டும் என்று கேட்டால், டிசைனர் ஒல்லியான எழுத்துருவைப் போடுவார், அல்லது இருக்கும் எழுத்தை மேல்நோக்கி இழுத்துவிடுவார். நேரே பார்க்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். சாய்வில் அகலம் பாதியானதும் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடும். இழுக்காத 8 அங்குலம் இதைவிட மேல். கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1⅓ அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். இன்னும் தடித்தால் 6, 8, 9-இன் உள்வெற்றிடம் அடைபடும். நிழல், 3டி, வெளிக்கோடு போன்றவையும் அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் தின்கின்றன. கடைப் பெயரைத் தமிழில் எழுதும்போது ண, ஞ, ணை போன்ற சுழி எழுத்துகளுக்கும் புள்ளிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பெயர் எண்ணைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்க வேண்டும்.

நிறத்தில், கண்ணைப் பறிப்பதும் படிக்க முடிவதும் வேறு வேறு. கருநீலத்தில் சிவப்பு பளிச்சென்று இருக்கும், ஆனால் விளிம்பு அதிர்வதுபோலத் தோன்றி இலக்கம் பிடிபடாது. பச்சையில் சிவப்பு இன்னும் மோசம்; இரண்டின் வெளிச்ச அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு எண்ணே இருக்காது. வெள்ளையில் மஞ்சளும் வெயிலில் காணாமல் போகும். மஞ்சளில் கறுப்பு, வெள்ளையில் கறுப்பு அல்லது கருநீலம், கரும்பச்சையில் வெள்ளை ஆகியவை நம்பகமானவை. சோதனை எளிது: டிசைனைப் போனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எண் மங்கினால் அந்த நிறச் சேர்க்கையைத் தள்ளிவிடுங்கள். எண்ணுக்குப் பின்னால் புகைப்படமோ நிறம் மாறும் பின்னணியோ வந்தால், பாதி எண் தெரியும், பாதி தெரியாது. எண் உள்ள பட்டை மட்டுமாவது ஒரே நிறமாக இருக்கட்டும்.

எங்கே வைப்பது? பலகையின் மேல் பாதியில். கீழே வைத்தால் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் காரும் ஆட்டோவும் மறைத்துவிடும். மழைக்காலத்தில் சக்கரம் அடிக்கும் சேறும் அங்கேதான் படியும். கன்டெய்னர் தகட்டில் மடிப்புகள் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் மடிப்புகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 1-ன் கோடு முழுதாகப் பள்ளத்துக்குள் விழுந்தால் சாய்வில் அது மறைந்தே போகும். பள்ளத்தில் அழுத்தி ஒட்டாத வினைல் முதலில் உரிவதும் அங்கேதான். பக்கவாட்டில் உள்ள மஞ்சள் ஒளிர்பட்டையின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். இரவில் வண்டியைக் காட்டுவது அந்தப் பட்டைதான், எஃப்.சி.-க்குப் போகும்போதும் கேள்வி வரும்.

பளபளப்பான லேமினேஷன் மதிய வெயிலில் கண்ணாடிபோல் மின்னி எண்ணை விழுங்கும். மேட் கேளுங்கள். புற ஊதாக் கதிர்த் தடுப்பு இல்லாத அச்சில் சிவப்புதான் சீக்கிரம் வெளுக்கும் என்பதால், எண்ணைச் சிவப்பில் அச்சிடுவதைவிடக் கறுப்பு வினைலில் வெட்டி ஒட்டுவது நீடிக்கும்.

கியூஆர் குறியீட்டுக்கு அகலத்தைப் போல் பத்து மடங்கு தூரம்தான் எல்லை. 8 அங்குலக் கட்டத்தை 2 மீட்டருக்குள் நின்றால்தான் ஸ்கேன் செய்ய முடியும். ஓடும் வண்டியில் அதனால் பயன் இல்லை, நிறுத்தி இறக்கும்போதுதான். பக்கவாட்டில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. திரையில் எண் 5 மி.மீ. உயரம் வரும்வரை டிசைனைச் சுருக்கி, 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பாருங்கள். 8 அங்குல எண்ணை 24 மீட்டரில் பார்ப்பதற்கு அது சமம். அதே டிசைனின் அகலத்தை மட்டும் பாதியாக்கி மறுபடி பாருங்கள், அது 30 டிகிரி சாய்வு. அந்த எண்ணை முன்பே அறியாத ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இலக்கத்தில் தடுமாறுகிறாரோ அதன் இடைவெளியை விரித்து, மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம்.